மீளாய்வாளரின் திருத்தங்கள் திரும்பி வந்ததும்: மொழிபெயர்ப்பில் முன்பு எடுத்த முடிவுகள் கலையாமல் வேலையை முடிப்பது எப்படி?

மீளாய்வுக்குப் போன மொழிபெயர்ப்பு சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்ததும், பெரும்பாலோர் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு திருத்தமாக Accept அல்லது Reject அழுத்திக்கொண்டே போவார்கள். மாலைக்குள் வேலை முடிந்துவிடும். முன்பு யோசித்து எடுத்த முடிவுகள் பாதி கலைந்துபோயிருப்பது பிறகுதான் தெரியும்.

வேர்ட் காட்டும் திருத்தம் ஓரிடத்தில் நடப்பது. மொழிபெயர்ப்பாளரின் முடிவோ ஆவணம் முழுக்கப் பரவியிருப்பது. ஒரு கலைச்சொல் ஒன்பது இடங்களில் வந்திருக்கும். மீளாய்வாளர் கண்ணில் பட்ட இரண்டை மட்டும் மாற்றியிருப்பார். அந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால், ஒரே பொருளுக்கு ஒரே ஆவணத்தில் இரண்டு பெயர்கள் வந்துவிடும். Accept பொத்தானுக்கு அந்த இடம் மட்டும்தான் தெரியும், மற்ற ஏழும் தெரியாது. அதனால் திருத்தங்களை இடம்வாரியாகப் பார்க்காமல் முடிவுவாரியாகப் பார்க்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிமுறைதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மருத்துவ ஆய்வின் ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொள்வோம்: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, வேர்ட் கோப்பு, பத்துப் பன்னிரண்டு பக்கம். இந்தியாவில் புதிய மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-இன்படி, ஆய்வில் சேருகிறவருக்குப் புரியும் மொழியில் தகவல் தந்துதான் ஒப்புதல் வாங்க வேண்டும். நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்ட பதிப்பைத்தான் பயன்படுத்தலாம். அதன் பிறகு ஒரு சொல்லை மாற்ற நினைத்தாலும் மறுபடி குழுவிடம் போக வேண்டியிருக்கும். இதனால்தான் இந்த வகை ஆவணத்தில் மீளாய்வைக் கவனமில்லாமல் கையாண்டால் விலை அதிகம்.

அனுப்புவதற்கு முன்பே தொடங்க வேண்டியது

எழுதி வைக்காத முடிவைக் காப்பாற்ற முடியாது. மொழிபெயர்க்கும்போதே ஒரு முடிவுப் பட்டியல் தொடங்கிவிடுங்கள். எல்லாச் சொல்லையும் எழுத வேண்டியதில்லை. இரண்டு வழிகள் இருந்து, ஒன்றை வேண்டுமென்றே விட்ட இடங்களை மட்டும் எழுதினால் போதும். ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் எண், எடுத்த முடிவு, விட்ட மாற்று, காரணம், எந்த நாளில் யார் ஒப்புக்கொண்டது என்ற விவரம். இதில் பலரும் எழுதாமல் விடுவது விட்ட மாற்றைத்தான். ஆனால் மீளாய்வாளர் பெரும்பாலும் அந்த மாற்றையே கொண்டுவந்து போடுவார். அது முதலில் எல்லோருக்கும் தோன்றும் சொல், அவ்வளவுதான்.

நம் படிவத்தில் மூன்று முடிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

மு1: பிளாசிபோ என்பதை ‘மருந்துப்பொருள் இல்லாத மாத்திரை’ என்று எழுதியது. விட்ட மாற்று ‘போலி மருந்து’. நாளிதழ்கள் இந்தச் சொல்லைச் சட்டவிரோதமாகத் தயாரித்து விற்கும் கள்ள மருந்துக்குப் பயன்படுத்துகின்றன. ஒப்புதல் படிவத்தில் அதைப் படிப்பவர் பயந்துவிடுவார்.

மு2: ஆய்வில் சேருபவரைப் ‘பங்கேற்பாளர்’ என்றே சொல்வது. விட்ட மாற்று ‘நோயாளி’. நோயாளி என்றால் இது தனக்காகத் தரப்படும் சிகிச்சை என்ற எண்ணம் வந்துவிடும். ஆய்வு வேறு, சிகிச்சை வேறு என்பதைப் படிவம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

மு3: பக்கவிளைவுகள் எல்லாம் ‘ஏற்படலாம்’ என்றே முடியும். எங்கும் ‘ஏற்படும்’ வராது.

பட்டியலை மீளாய்வாளருக்கும் அனுப்புங்கள், ஆனால் பூட்டுப் போடுவதுபோல் அனுப்பாதீர்கள். “இவை யோசித்து எடுத்தவை. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் முடிவு எண்ணைக் குறிப்பிட்டுக் காரணத்தைக் கமெண்டில் எழுதுங்கள்” என்று ஒரு வரி போதும். மூலத்தை ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறாரா, தமிழை மட்டும் படிக்கப்போகிறாரா என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ISO 17100 தரநிலைகூட இவை இரண்டையும் தனித்தனி வேலைகளாகத்தான் பிரித்துச் சொல்கிறது. மூலத்தைப் பார்க்காதவர் “இங்கே பொருள் தவறு” என்று எழுதினால் அதற்கு எவ்வளவு எடை தருவது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது.

அப்புறம், கோப்பின் ஒரு பிரதியைத் தனியே எடுத்து, படிக்க மட்டும் என்று அமைத்து வைத்துவிடுங்கள். இதை ‘அனுப்பிய பிரதி’ என்று சொல்வோம். அனுப்பும் கோப்பில் Review > Track Changes > Lock Tracking போய்க் கடவுச்சொல் போட்டால் மீளாய்வாளரால் தடமிடலை நிறுத்த முடியாது. கூகுள் டாக்ஸில் வேலை என்றால் அவருக்கு Editor உரிமை தராமல் Commenter உரிமை மட்டும் கொடுங்கள். அவர் செய்வதெல்லாம் பரிந்துரையாகவே பதிவாகும்.

வந்ததும்: தடம் இல்லாத திருத்தங்களைப் பிடிப்பது

பூட்டை மட்டும் நம்ப முடியாது. உரையை நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டி, அங்கே திருத்தி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். பாதி வேலைக்கு ட்ராக் சேஞ்சஸை அணைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து போடுபவர்களும் உண்டு. அதனால் திருத்தங்களைப் படிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

வந்த கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுங்கள். Lock Tracking போட்டிருந்தால் முதலில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்துவிட்டு, அந்தப் பிரதியில் Reject கீழ்ப்பட்டியலில் Reject All Changes கொடுங்கள். பக்கத்திலேயே Reject All Changes Shown என்றும் இருக்கும். அது திரையில் தெரியும் திருத்தங்களை மட்டும்தான் நீக்கும், அதைத் தொட வேண்டாம். எல்லாத் திருத்தத்தையும் மறுத்த பிறகு அந்தக் கோப்பு நீங்கள் அனுப்பியதைப்போலவே இருக்க வேண்டும். இப்போது Review > Compare போய், Original document என்ற இடத்தில் அனுப்பிய பிரதியையும் Revised document என்ற இடத்தில் இந்தக் கோப்பையும் கொடுங்கள். More பொத்தானை அழுத்தினால் வரும் அமைப்புகளில் Show changes at என்பதை Word level என்று வையுங்கள். Formatting குறியை எடுத்துவிடலாம். Headers and footers, Tables, Textboxes ஆகியவற்றின் குறி அப்படியே இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தின் பதிப்பு எண்ணும் தேதியும் பக்கத் தலைப்பிலோ அடியிலோதான் இருக்கும். அங்கே யாராவது கைவைத்திருந்தால் தெரிய வேண்டும்.

Word level என்று வைப்பதற்குத் தமிழில் தனிக் காரணம் இருக்கிறது. எழுத்து அளவில் ஒப்பிட்டால் குறிலை நெடிலாக்கிய திருத்தம்கூட, உயிர்க்குறி மட்டும் தனியே அடிக்கப்பட்டு, புள்ளி வட்டத்தோடு தொங்குவதாகத் தெரியும். எது பழையது, எது புதியது என்று கண்ணால் பிரிக்கவே முடியாது.

ஒப்பீட்டில் வித்தியாசம் எதுவும் வராவிட்டால் நிம்மதி. வந்தால் அவையெல்லாம் தடமில்லாமல் செய்த மாற்றங்கள். வந்த கோப்பில் அந்த இடங்களைக் குறித்துவைத்து, மற்றத் திருத்தங்களோடு சேர்த்தே பரிசீலியுங்கள்.

சில நேரம் ஆவணம் முழுக்கச் சிவப்பாக மாறும், ஆனால் சொற்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்போது மீளாய்வாளரைச் சந்தேகிக்க வேண்டாம், விசைப்பலகையைச் சந்தேகியுங்கள். யூனிகோடில் ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் (U+0BCA) எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் (U+0BC6, U+0BBE) எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஓகாரத்துக்கும் இதே கதைதான். இரண்டு கோப்புகளையும் UTF-8 உரைக்கோப்பாகச் சேமித்து, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் இந்த இரைச்சல் அடங்கும்:

```python
import unicodedata
t = open("vandhathu.txt", encoding="utf-8").read()
t = unicodedata.normalize("NFC", t)
open("vandhathu_nfc.txt", "w", encoding="utf-8").write(t)
```

கோப்பின் பெயரை மட்டும் மாற்றி, அனுப்பிய பிரதிக்கும் இதையே ஓட்டுங்கள். ஔகாரத்தின் பின்பாதிக் குறிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தையே தட்டியிருந்தால் இது சரிசெய்யாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

பொத்தானைத் தொடாமல் ஒருமுறை படிப்பது

இப்போது வந்த கோப்பை All Markup பார்வையில் திறவுங்கள். Show Markup பட்டியலில் Formatting குறியை எடுத்துவிடுங்கள். எழுத்துரு மாற்றங்கள் எல்லாம் ஒதுங்கிவிடும். இரண்டு பேர் திருத்தியிருந்தால் Specific People மூலம் ஒருவருடையதை மட்டும் முதலில் பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை Accept, Reject எதையும் அழுத்தாமல் படியுங்கள். கையில் முடிவுப் பட்டியல் இருக்கட்டும். ஒரு திருத்தம் ஏதாவது முடிவைத் தொட்டால் அங்கே ‘மு1’, ‘மு2’ என்று கமெண்ட் போடுங்கள். மூலத்தையே கேள்வி கேட்கும் திருத்தத்துக்கு ‘மூலம்’ என்று போடுங்கள். தட்டச்சுப் பிழை, விடுபட்ட சொல், தவறான எண் போன்றவற்றுக்குக் குறி தேவையில்லை. அவற்றைப் பிறகு வேகமாக முடித்துவிடலாம்.

இந்த வாசிப்புக்கு நேரம் ஆகும். ஆனாலும் இதை விடக் கூடாது. மூன்றாம் பக்கத்தில் காரணம் இல்லாமல் செய்ததாகத் தோன்றும் மாற்றத்துக்கு எட்டாம் பக்கத்துக் கமெண்டில் காரணம் இருக்கும். முதலிலேயே Reject கொடுத்துவிட்டால், எட்டாம் பக்கம் வந்து திரும்பிப் போக வேண்டும். அதைவிட மோசம், போகாமலே விட்டுவிடுவது.

முடிவைத் தொடாமல், பிழையையும் திருத்தாமல், வெறுமனே வேறு மாதிரிச் சொல்லும் திருத்தங்களும் நிறைய இருக்கும். ‘ஆகவே’ என்பது ‘எனவே’ ஆகியிருக்கும். இவற்றில் சண்டை போட எதுவுமில்லை. தமிழ் கெடாமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். சிறிய விஷயத்தில் விட்டுக்கொடுத்தவர் பெரிய விஷயத்தில் மறுக்கும்போது அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

முடிவைத் தொடும் திருத்தங்கள்

இனிதான் முக்கியமான வேலை. நம் படிவத்துக்கே வருவோம்.

மு1-இல், ஒன்பது இடங்களில் இரண்டில் ‘போலி மருந்து’ என்று மாற்றியிருக்கிறார். கமெண்ட்: “இது நீளமாக இருக்கிறது. எளிய சொல் போடலாம்.” இங்கே குறை வேறு, அதற்கு அவர் சொன்ன தீர்வு வேறு. நீளம் என்ற குறை நியாயமானதுதான். ஒன்பது முறை அந்தத் தொடரைப் படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியலில் எழுதியிருக்கும் காரணத்துக்கு அவருடைய தீர்வு பதில் சொல்லவில்லை. எனவே இரண்டு திருத்தங்களையும் மறுத்து, குறையை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் இடத்தில் முழுத் தொடரும் ‘இனி மருந்தில்லா மாத்திரை எனப்படும்’ என்ற விளக்கமும், பிறகு எட்டு இடங்களிலும் ‘மருந்தில்லா மாத்திரை’. பட்டியலில் மு1-இன் பழைய வரியை அழிக்காமல், அதன் கீழே தேதியோடு புதிய வரி எழுதுங்கள். கமெண்டுக்குப் பதில்: “நீளம் சரியான குறை, சுருக்கிவிட்டேன். ‘போலி மருந்து’ கள்ள மருந்து என்று பொருள்படும் என்பதால் தவிர்த்திருக்கிறேன்.”

மு2-இல் மூன்று இடங்களில் ‘நோயாளி’ என்று மாற்றம். கமெண்ட் எழுதியவர் ஆய்வு மையத்தில் வேலை பார்க்கும் செவிலியர்: “பங்கேற்பாளர் என்றால் இங்கே வரும் பெரியவர்களுக்குப் புரிவதில்லை. யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.” இதை ரசனை என்று ஒதுக்க முடியாது. முடிவெடுத்தபோது கையில் இல்லாத தகவல் இப்போது வந்திருக்கிறது. அப்படி வந்தால் முடிவைத் திறந்தாக வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தனியாக மாற்றக் கூடாது. ஆய்வும் சிகிச்சையும் வேறு என்பது ஆய்வுக் குழுவின் அக்கறை, அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்கும்போது வழியையும் சொல்லிக் கேளுங்கள்: பெரும்பாலான இடங்களில் ‘நீங்கள்’ என்று நேரடியாக அழைத்தாலே பெயர்ச்சொல் தேவைப்படாது. மிச்ச இடங்களில் ‘ஆய்வில் சேருபவர்’ போதும். அவர்கள் சரி என்றால் எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள், மூன்றில் மட்டும் மாற்றாதீர்கள்.

மு3-இல் ‘வாந்தி ஏற்படலாம்’ என்பது ‘வாந்தி ஏற்படும்’ ஆகியிருக்கிறது. கமெண்ட் இல்லை. வாக்கியம் ஓட்டமாக இருக்கட்டும் என்று செய்திருப்பார். இதை மறுப்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் இது தடமிட்ட இடம், அதனால் கண்ணில் பட்டது. தடமில்லாமல் வேறெங்கும் ‘ஏற்படும்’ வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக மூலத்தைத் தொடுபவை. விலகும் உரிமை பற்றிய பத்தியில் ‘எந்தக் காரணமும் சொல்லாமல்’ என்ற தொடரைச் சேர்த்திருக்கிறார். மூலத்தைத் திறந்து பார்த்தால் அது இருக்கிறது, மொழிபெயர்ப்பில் விடுபட்டிருக்கிறது. உடனே ஏற்க வேண்டியதுதான். அடுத்த பத்தியில் பரிசோதனைகள் ‘இலவசமாக’ என்று சேர்த்திருக்கிறார். மூலத்தில் அப்படி இல்லை. நடைமுறையில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் மூலத்தில் இல்லாத வாக்குறுதியைத் தமிழ்ப் படிவம் மட்டும் தரக் கூடாது. மறுத்துவிட்டு, ஆங்கிலப் படிவத்தில் சேர்க்க வேண்டுமா என்று ஆய்வுக் குழுவுக்கு ஒரு கேள்வியாக அனுப்புங்கள்.

ஏற்கும்போது தமிழ் உடையும் இடங்கள்

முடிவுகள் தீர்ந்த பிறகு பொத்தான்களை அழுத்தலாம். இங்கே தமிழுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. மீளாய்வாளர் ‘இந்தப் படிவம்’ என்பதில் ‘படிவம்’ என்ற சொல்லை மட்டும் அடித்து ‘தாள்’ என்று எழுதியிருப்பார். ஏற்றால் ‘இந்தப் தாள்’ என்று நிற்கும். ஒற்று முந்தைய சொல்லில் இருப்பதால் அது திருத்தத்துக்குள் வரவில்லை. ஒவ்வொரு சொல்மாற்றத்தையும் ஏற்றதும் அதற்கு முந்தைய சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். மறுக்கும்போதும் இதே தொல்லை வரும்: அவர் ஒற்றையும் மாற்றியிருந்தால் அது தனித் திருத்தமாக நிற்கும். ஒன்றை மறுத்து மற்றொன்றை விட்டுவிட்டால் ‘இந்தத் படிவம்’ மிஞ்சும்.

ஒரு முடிவு மாறி, ஆவணம் முழுக்க மாற்றும்போது Replace All பயன்படுத்தாதீர்கள். ‘படிவம்’ என்று தேடினால் ‘படிவத்தை’, ‘படிவத்தில்’ எல்லாம் தப்பிவிடும். ‘படிவ’ என்று தேடி மொத்தமாக மாற்றினால் வேற்றுமை உருபுகள் உடையும். தேடுவதற்கு அடிச்சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுவதை Find Next போட்டு ஒவ்வொன்றாகக் கையால் செய்யுங்கள். இவற்றையும் Track Changes போட்டே செய்வது நல்லது. உங்கள் பெயரில் வேறு நிறத்தில் தெரியும், மீளாய்வாளருக்கும் என்ன நடந்தது என்று புரியும். Lock Tracking போட்டிருந்தால் ஏற்கவும் மறுக்கவும் முடியாது, முதலில் கடவுச்சொல் கொடுத்துத் திறக்க வேண்டும்.

கமெண்டுகளை இந்தக் கட்டத்தில் Delete செய்யாதீர்கள். பதில் எழுதி Resolve கொடுங்கள், மங்கலாகி ஒதுங்கி நிற்கும். ஒரு முடிவு ஏன் மாறியது என்று பின்னால் யாராவது கேட்டால் பதில் அங்கேதான் இருக்கும்.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிந்ததும் ஒரு தூய பிரதி எடுத்து, அனுப்பிய பிரதியோடு மறுபடியும் Compare செய்யுங்கள். இந்தத் தடவை வரும் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் உங்களால் காரணம் சொல்ல முடிய வேண்டும்: ஏற்ற பிழைத் திருத்தம், அல்லது மாறிய முடிவு எண். இரண்டிலும் சேராத வித்தியாசம் இருந்தால் அது கைதவறி வந்தது. முடிவுப் பட்டியலில் விட்ட மாற்றுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ‘போலி மருந்து’ ஓரிடத்திலும் வரக் கூடாது. மருந்தின் அளவு, வருகை நாட்கள், தொலைபேசி எண்கள் ஆகியவற்றை மூலத்தோடு நேரடியாக ஒப்பிடுங்கள்.

டிராடோஸ் ஸ்டுடியோ, மெமோக்யூ போன்ற மென்பொருளில் மொழிபெயர்த்திருந்தால் வேலை வேர்டோடு முடியவில்லை. மொழிபெயர்ப்பு நினைவகத்தில் இன்னும் பழைய வாக்கியங்களே இருக்கின்றன. படிவத்தின் அடுத்த பதிப்பு வரும்போது அது பழைய சொல்லையே நூறு சதவீதப் பொருத்தமாக எடுத்துக்கொடுக்கும். டிராடோஸில் Retrofit என்ற வசதி இருக்கிறது. மீளாய்வில் முடிந்த தமிழ்க் கோப்பை அது இருமொழிக் கோப்பில் திரும்பச் சேர்த்துவிடும். சேர்த்த பிறகு பத்திகள் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஒரு வாக்கியத்தை மீளாய்வாளர் இரண்டாக உடைத்திருந்தால் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் தவறும். பிறகு அந்த இருமொழிக் கோப்பிலிருந்து நினைவகத்தையும் புதுப்பியுங்கள். கலைச்சொல் பட்டியலில் மாறிய முடிவுகளையும் அப்போதே திருத்திவிடுங்கள்.

நெறிமுறைக் குழுவுக்குப் போகும் பிரதியில் கமெண்டுகளும் பெயர்களும் இருக்கக் கூடாது. File > Info > Check for Issues > Inspect Document மூலம் அவற்றை நீக்கலாம். இதைத் தூய பிரதியில் மட்டும் செய்யுங்கள். கமெண்டுகளும் பெயர்களும் உள்ள கோப்பை, அனுப்பிய பிரதி, மீளாய்விலிருந்து வந்த கோப்பு, முடிவுப் பட்டியல் ஆகியவற்றோடு ஒரே அடைவில் பதிப்பு எண் போட்டு வைத்துவிடுங்கள்.